பேத்தியின் தாமதத்துக்குக் காரணம் எழுத்து

“சுங்கை சிப்புட்டில் நடக்கும் கதை. பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்த மலாய்க் கடிதத்தைப் பேத்தி மெல்ல மொழிபெயர்க்கிறாள். பள்ளியில் மலாய் படித்தவளுக்கு ஏன் இத்தனை நாள் என்று கதையைப் படித்தவர்கள் கேட்கிறார்கள்.”

வணக்கம். கடிதத்தை ஜாவி எழுத்தில் எழுதியதாக மாற்றுங்கள். 1950களில் மலாய்க்காரர் பலர் அரபு எழுத்திலிருந்து வந்த ஜாவியில்தான் கடிதம் எழுதினார்கள். தமிழ்ப்பள்ளியில் ரூமி எனப்படும் ரோமன் எழுத்தில் மலாய் படித்த பெண்ணுக்குச் சொல் காதில் விழுந்தால் புரியும், கண்ணுக்குப் புரியாது.

பழைய ஜாவியில் உயிரொலிகள் பல இடங்களில் விடுபடும் என்பதால், ‘தங்கல்’ (தேதி), ‘திங்கல்’ (தங்கியிரு) என்ற மலாய்ச் சொற்கள் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டாக வரக்கூடும். அவள் முதலில் தேதி என்று படித்து, அடுத்து எண்ணைத் தேடட்டும். எண் இல்லை, அடுத்த சொல் ‘இங்கே’ என்று தெரியும்போது, பாட்டியை யாரோ தோட்டத்திலேயே இருக்கச் சொன்னது அவளுக்குப் புலப்படும். இந்த ஓர் இடத்துக்கு ஒரு பக்கம் முழுவதும் கொடுங்கள்.

மடிப்பில் மை உதிர்ந்தால் புள்ளிகள் போய்விடும். ஜாவியில் ப, த, ந மூன்றையும் சொல்லின் நடுவில் பிரிப்பது புள்ளிதான். அந்தச் சொற்களை அவள் கடைசிவரை படிக்காமலே விடலாம். கடிதத்தின் தலைப்பில் ஹிஜ்ரி 1377 என்று இருந்தால், அது 1957 ஜூலைக்கும் 1958 ஜூலைக்கும் இடைப்பட்ட காலம்.