300 எம்பிபிஎஸ் இருந்தும் எதிராளி தாவுவது ஏன்?

“300 எம்பிபிஎஸ் வைஃபை, பிங் 30தான். ஆனாலும் ஆன்லைன் சண்டை ஆட்டத்தில் எதிராளி திடீரென்று இடம் மாறி நிற்கிறார். வேகமான திட்டத்துக்கு மாறட்டுமா?”

வேண்டாம், முதலில் கேபிளுக்கு மாறுங்கள். இவ்வகை ஆட்டம் பெரும்பாலும் பொத்தான் அழுத்தங்களை மட்டுமே அனுப்புவதால் 1 எம்பிபிஎஸ்கூட அதற்குத் தாராளம்.

இதில் தாமதத்தை மறைக்கப் பயன்படும் ரோல்பேக் முறையில், எதிராளியின் அழுத்தம் வந்து சேராதபோது அவர் முன்பு செய்ததையே தொடர்கிறார் என்று உங்கள் கணினி ஊகித்து ஆட்டத்தை நகர்த்தி, உண்மை வந்ததும் பின்னே சென்று திருத்துகிறது. விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி விநாடி. சீரான 30 பிங்கில் ஒருவழித் தாமதம் ஏறத்தாழ ஒரு ஃபிரேம்தான் என்பதால் திருத்தம் கண்ணில் படாது. வைஃபை ஒருகணம் 100 மில்லி விநாடி தடுமாறினாலோ ஆறு ஃபிரேம் ஒன்றாகத் திருத்தப்பட்டு, நடந்து வந்தவர் உதையின் நடுவில் தோன்றுவார்.

விண்டோஸில் உங்கள் ரௌட்டரின் முகவரியைக் கொடுத்துச் சோதியுங்கள்:

```
ping -n 200 192.168.1.1
```

Maximum மட்டும் பல பத்துகளுக்குத் தாவினால் கோளாறு வீட்டுக்குள்ளேதான். கேபிளில் அது பெரும்பாலும் 1 அல்லது 2க்குள் நிற்கும்.

அந்த ஆறு ஃபிரேம்களையும் ஒரே ஃபிரேம் நேரத்துக்குள் மீண்டும் கணக்கிட வேண்டியிருப்பதால், ஃபிரேம் வேகம் 60க்குக் கீழே ஒருபோதும் இறங்காத அளவுக்குக் காட்சித் தரத்தையும் குறைத்து வையுங்கள். எதிராளி வைஃபையில் இருந்தால் மட்டும் உங்கள் கேபிளால் அதைச் சரிசெய்ய முடியாது.