எடைக்குறைப்பு ஊசி, மெட்பார்மின்: வயிறு படுத்தும் பாடு

அண்ணா நகர்: அக்கா, டிர்செபடைட் ஊசி 2.5-ல் ஒரு மாதம் சுகமாக இருந்தேன். ஞாயிறு 5-க்கு ஏற்றினார்கள். திங்கள் ராத்திரி பத்தரைக்கு ரெண்டு பரோட்டா, சால்னா. விடியும்வரை குமட்டல், அழுகிய முட்டை நாற்றத்தில் ஏப்பம். ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா?

பாதிப் பழி பரோட்டாவுக்கு. வயிறு காலியாவதை இந்த ஊசி மெதுவாக்கும், எண்ணெயும் அதையேதான் செய்யும். டோஸ் ஏற்றிய முதல் சில நாட்களில் இது கூடுதலாகத் தெரியும், பிறகு பெரும்பாலும் அடங்கும். இப்போதைக்கு ராத்திரி ஏழரைக்குள் ரெண்டு இட்லி, ரசம் போதும். மெதுவாகச் சாப்பிட்டு, வயிறு ‘போதும்’ என்றதும் கையை எடுத்துவிடுங்கள், இலையில் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. சாப்பிட்டதும் படுக்காதீர்கள். அடுத்த ஊசி நாளிலும் குமட்டல் விடவில்லை என்றால், 2.5-க்கே திரும்பி இன்னும் சில வாரம் இருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மேல்வயிற்றில் விடாத வலி வந்து முதுகுக்குப் பாய்ந்தால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மேலூர்: மலச்சிக்கலுக்கு நார்ச்சத்துதானே மருந்து? ஊசி போடும் நான் தினம் ரெண்டு ஸ்பூன் இசப்கோல் போடுகிறேன். நாலு நாளாகப் போகவில்லை.

நார்ச்சத்து சரிதான். தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள்? பசி குறைந்தால் தண்ணீர் குடிப்பதும் தானாகக் குறைந்துவிடும். தண்ணீர் போதாத இசப்கோல் உள்ளேயே கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். இப்போதைக்கு அதை நிறுத்திவிட்டு, லாக்டுலோஸ் சிரப் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் மருந்துக் கடை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

திருமங்கலம்: நீங்கள் சொன்ன அந்த சிரப்பை நானும் வாங்கலாமா? மெட்பார்மின் போட்டாலே மூன்று தடவை ஓடுகிறது.

ஐயோ, வாங்கிவிடாதீர்கள்! அது இன்னும் ஓடவிடும். மெட்பார்மினை வெறும் வயிற்றில் போடுகிறீர்களா? சாப்பாட்டோடு போடுங்கள். மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், பலருக்கு அதில் தொல்லை குறைகிறது. அந்த மாத்திரையின் கூடு மலத்தில் அப்படியே வந்தால் பதற வேண்டாம், மருந்து உள்ளே இறங்கியிருக்கும். வார்டில் அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து காட்டியவர்கள் உண்டு.

அண்ணா நகர், மறுபடி: சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் போடுகிறேன். சாப்பிட முடியாமல் நேற்று கை நடுங்கியது. பிஸ்கட் சாப்பிட்டேன். இஞ்சிச் சாறு குடித்தால் குமட்டல் போகுமா?

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! நடுங்கினால் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மெதுவாகிப்போன வயிற்றில் பிஸ்கட் கரைய நேரமாகும். கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டுமா என்று இன்றே டாக்டருக்குப் போன் போடுங்கள். இஞ்சி சிலருக்கு இதமாக இருக்கிறது, சிலருக்கு நெஞ்சு எரிகிறது. உங்களுக்கு எப்படியென்று நான் எப்படிச் சொல்ல?