திறக்கும் சாவி வெளியே போவதே இல்லை

"முன்பின் தெரியாத ரெண்டு பேர் நெட்டில் ரகசியம் பேச முடியும் என்கிறார்களே, சாவியை அனுப்பும்போதே நடுவில் யாராவது எடுத்துவிட மாட்டார்களா?"

எடுக்கட்டும், அது பூட்டும் சாவிதான். திறக்கும் சாவி சொந்தக்காரரின் கணினியை விட்டு வெளியே போவதில்லை. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறையைச் சின்ன எண்களில் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

மாலா 3, 11 என்ற இரண்டு பகா எண்களைப் பெருக்கி 33 என்கிறாள். 33ஐயும், தான் தேர்ந்தெடுத்த 7ஐயும் பூட்டும் சாவியாக ஊருக்கே சொல்லிவிடுகிறாள். நீங்கள் அவளுக்கு 4 என்ற எண்ணை அனுப்ப வேண்டும். நான்கை ஏழு முறை எழுதிப் பெருக்கினால் 16384, அதை 33ஆல் வகுத்தால் மீதி 16, அந்த 16ஐத்தான் அனுப்புகிறீர்கள். மாலாவின் ரகசிய எண், அதாவது திறக்கும் சாவி, 3 (பகா எண்ணும் 3 என்பது தற்செயல்). 16×16×16 = 4096, 33ஆல் வகுத்தால் மீதி 4. வந்துவிட்டது!

அந்த ரகசிய எண் எப்படிக் கிடைத்தது? பகா எண்கள் ஒவ்வொன்றிலும் 1 கழித்துப் பெருக்கினால் 2×10 = 20; ஏழோடு எதைப் பெருக்கி 20ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று பார்த்தால் 3. அப்படியானால் 33ஐ 3×11 என்று பிரிக்கத் தெரிந்தவர் யாரும் இதைக் கண்டுபிடித்துவிடலாம், சரிதான், அதனால்தான் நிஜத்தில் 600 இலக்கங்களுக்கு மேல் நீளும் எண்ணை வைக்கிறார்கள். இன்றைய கணினிகளால் அதைப் பிரிக்க முடியவில்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பவன் மாலாவின் எண்களை மாற்றித் தன்னுடையதை உங்களுக்குக் கொடுத்தால், நீங்கள் அவனுக்கே பூட்டி அனுப்புவீர்கள். இந்தச் சாவி இந்தத் தளத்துடையதுதான் என்று மூன்றாமவர் கையெழுத்திட்ட சான்றிதழை பிரவுசர் சரிபார்ப்பது இதற்காகத்தான், எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.