திரைக்கதைப் பக்கத்தில் ஏன் இவ்வளவு வெற்றிடம்?

ஹாலிவுட் திரைக்கதையில் இடப்பக்கம் அவ்வளவு இடம் விடுவதும், பேசும் பாத்திரத்தின் பெயரை நடுவில் எழுதுவதும் ஏன்?

இடப்பக்கத்து ஒன்றரை அங்குலம், தாளில் துளையிட்டுப் பித்தளைப் பின் கோர்க்க. மற்றவை தட்டச்சு இயந்திரக் காலத்து மிச்சம். கூரியர் என்ற எழுத்துருவில், 12 புள்ளி அளவில், ஓர் அங்குல அகலத்துக்குப் பத்து எழுத்து, உயரத்துக்கு ஆறு வரி. எல்லோரும் இப்படியே அடித்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம். சண்டைக் காட்சி வந்தால் இந்தக் கணக்கு ஆட்டம் காணும், அது வேறு கதை. எழுத்தைச் சுருக்கி 130 பக்கத்தை 115 ஆக்கினாலோ, பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

```
INT. KITCHEN - NIGHT
```

ஒவ்வொரு காட்சிக்கும் மேலே வரும் இந்தத் தலைப்பு முக்கியமாக உதவி இயக்குநருக்கு: உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா. 4, 31, 78-ஆம் காட்சிகள் ஒரே சமையலறை என்றால் சேர்த்தே எடுத்துவிடலாம். ஒரு காட்சியில் மட்டும் `HOUSE` என்று எழுதிவிட்டால் அட்டவணை மென்பொருள் அதைத் தனி இடமாக எண்ணும்.

அப்புறம், பெயர் உண்மையில் நடுவில் இல்லை. எல்லாப் பெயரும் தாளின் இடது ஓரத்திலிருந்து சுமார் 3.7 அங்குலத்தில், ஒரே நேர்க்கோட்டில் தொடங்கும். நடிகர் அந்தக் கோட்டில் கண்ணை ஓட்டினாலே தன் வசனம் சிக்கிவிடும்.