விடிவெள்ளியும் மூன்று நடுக்கோடுகளும்

ஐயா,

தங்கள் கட்டுரையொன்றில் ஜெர்மன் தத்துவவாதி ஃப்ரேகேயைப் பற்றி ஒரு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். ‘விடிவெள்ளிதான் அந்திவெள்ளி’ என்ற வாக்கியம் அப்படி என்ன புதிதாகச் சொல்லிவிடுகிறது? ஒரே கோளுக்கு இரண்டு பெயர்கள், அவ்வளவுதானே? என் பாட்டி விடிவெள்ளியைப் பார்த்து எழுந்து வாசல் தெளிப்பார். எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தமே அவர்தான். ஆகவே அர்த்தம் என்பது அவரவர் மனதில் இருப்பது என்று எடுத்துக்கொள்கிறேன். சரிதானா? ஃப்ரேகேயை விட்டுவிட்டு நேராக விட்கென்ஸ்டைனைப் படிக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

விட்கென்ஸ்டைனை இப்போது தொடாதீர்கள். தன் முதல் நூலின் முன்னுரையில் ஃப்ரேகேயின் நூல்களுக்குக் கடன்பட்டிருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கடன் என்னவென்று தெரியாமல் படித்தால் பொன்மொழிகள்தான் மிஞ்சும்.

ஒரே கோளுக்கு இரண்டு பெயர்கள் என்று நீங்கள் சொல்வதைத்தான் கோட்லோப் ஃப்ரேகேயும் 1879இல் வெளியிட்ட தருக்க நூலில் சொன்னார். ‘இதுதான் அது’ என்னும் சமன்பாடு பெயர்களுக்கு இடையேயான உறவு என்பது அப்போது அவர் நிலைப்பாடு. 1892இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தொடக்கத்திலேயே அதைக் கைவிட்டார். பெயர் என்பது நாம் வைத்துக்கொள்வது. நாளை காலை என் மேசைக்கு நான் புதிதாக ஒரு பெயர் வைக்கலாம். அதனால் மேசையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரிந்துவிடாது. உங்கள் வாக்கியம் பெயர்களைப் பற்றியது மட்டும்தான் என்றால் அதைச் சரிபார்க்க ஓர் அகராதி போதும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க மனிதர்கள் வானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மேற்கில் மாதக்கணக்கில் தெரிந்த ஒளி சூரியனை நெருங்கி மறைகிறது. சில நாட்கள் கழித்துக் கிழக்கில் விடியலுக்கு முன் ஓர் ஒளி எழுகிறது. அது மறைந்தால் மீண்டும் மேற்கில் தெரிய ஏழெட்டு வாரங்கள் ஆகலாம். மறைந்ததும் எழுந்ததும் ஒன்று என்று சொல்ல, ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்த பதிவு வேண்டும்.

சரி, பெயர்களை விட்டு, அவை சுட்டும் கோளை மட்டும் எடுத்துக்கொண்டால்? அப்போது அந்த வாக்கியம் ‘வெள்ளி வெள்ளிதான்’ என்பதாகச் சுருங்கிவிடும். அதை அறிய வானம் தேவையில்லை. இந்த இரண்டு பக்க நெருக்கடியிலிருந்துதான் அவருடைய பாகுபாடு பிறந்தது. ஒரு சொல் சுட்டும் பொருள் ஒன்று. அந்தப் பொருள் நமக்கு முன் வந்து நிற்கும் விதம் வேறொன்று. இந்த இரண்டாவதைத்தான் அவர் அர்த்தம் என்கிறார்.

எல்லோரும் வெள்ளியையே பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நட்சத்திரம் என்றதும் நம்மவர்களுக்குக் கவிதை வந்துவிடுகிறது, சிந்தனை நின்றுவிடுகிறது. அதே கட்டுரையில் வெள்ளிக்கு முன்பே அவர் ஒரு முக்கோணத்தைக் காட்டுகிறார். அதைப் படித்தபோது என் பள்ளி வகுப்பறை நினைவுக்கு வந்தது. முக்கோணத்தின் முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு வரையும் நடுக்கோடுகளில் இரண்டை மட்டும் கரும்பலகையில் வரைந்துவிட்டு, மூன்றாவது எங்கே போகும் என்று கேட்டார் எங்கள் கணக்கு ஆசிரியர். யாருக்கும் தெரியவில்லை. வரைந்ததும் அது அதே புள்ளி வழியாகச் சென்றது. அந்த வயதில் என்னை அதிர வைத்த கணம் அது.

நீங்களும் செய்து பாருங்கள். முனைகள் (0,0), (6,0), (0,6) என்று வையுங்கள். முதல் நடுக்கோடு (0,0)இலிருந்து (3,3)க்குப் போகிறது. இரண்டாவது (6,0)இலிருந்து (0,3)க்கு. மூன்றாவது (0,6)இலிருந்து (3,0)க்கு. முதலும் இரண்டாவதும் வெட்டும் இடம்: y = x, y = 3 − x/2; ஆகவே (2,2). இரண்டாவதும் மூன்றாவதும் வெட்டும் இடம்: y = 3 − x/2, y = 6 − 2x; மறுபடியும் (2,2). ‘முதல் இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளி’, ‘பின் இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளி’ என்ற இரண்டு தொடர்களும் ஒரே புள்ளியைத்தான் சுட்டுகின்றன. ஆனால் அந்தப் புள்ளியை அடைய நீங்கள் தீர்த்த சமன்பாடுகள் வேறு. இங்கே எந்தப் பாட்டியும் இல்லை, எந்த விடியலும் இல்லை. அர்த்தம் என்பது எவ்வளவு கறாரான விஷயம் என்பது இந்த உதாரணத்தில்தான் தெரிகிறது.

இரண்டு தொடர்களின் அர்த்தம் வேறா என்று சோதிக்க வழி உண்டு. இரண்டையும் நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர், ஒன்றை வைத்துச் சொல்வதை ஏற்றுக்கொண்டு, மற்றதை வைத்துச் சொல்வதை அதே நேரத்தில் சந்தேகிக்க முடியுமா? முடியும் என்றால் அர்த்தம் வேறு. கரும்பலகையில் இரண்டு கோடுகளை மட்டும் பார்த்த நாங்கள், அவை வெட்டும் புள்ளி முதல் கோட்டின் மேல் இருக்கிறது என்பதை உடனே ஒப்புக்கொண்டிருப்போம். இரண்டாவது கோடும் இன்னும் வரையாத மூன்றாவதும் வெட்டும் புள்ளியும் முதல் கோட்டின் மேல்தான் இருக்கிறது என்றால் தயங்கியிருப்போம். இரண்டும் ஒரே புள்ளி. இரண்டு வாக்கியமும் உண்மை. ஆனால் ‘அந்த மாணவன் இப்படி நம்பினான்’ என்று முன்னால் சேர்த்தால் முதலாவது உண்மை, இரண்டாவது பொய். சுட்டப்படும் புள்ளி மாறவில்லை, உண்மை மாறிவிட்டது. நம்பிக்கையைச் சொல்லும் வாக்கியத்துக்குள் சொற்கள் வழக்கமான பொருளைச் சுட்டுவதில்லை, தம் அர்த்தத்தையே சுட்டுகின்றன என்று ஃப்ரேகே இதற்கு விளக்கம் தந்தார்.

இப்போது உங்கள் பாட்டி. வாசல் தெளிக்கும் அவரை நீங்கள் நினைப்பது அழகானது. அதை நான் உங்களிடமிருந்து பறிக்க மாட்டேன். ஆனால் அதை அர்த்தம் என்று அழைக்காதீர்கள். சோம்பலான இந்தக் கருத்தை இலக்கியக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஃப்ரேகே ஒரு தொலைநோக்கியைச் சொல்கிறார். நிலவு சுட்டப்படும் பொருள். கருவியின் கண்ணாடியில் விழும் பிம்பம் அர்த்தம். அது ஒரு கோணத்திலிருந்து கிடைப்பதுதான், ஆனால் யார் வந்து கண் வைத்தாலும் அதே பிம்பம். பார்ப்பவரின் விழித்திரையில் விழுவது மட்டுமே அவரவருடையது. உங்கள் பாட்டி அந்த மூன்றாவதில் இருக்கிறார்.

அர்த்தமும் அவரவருடையதுதான் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும்? விடிவெள்ளி ஒரு கோள் என்று நான் சொல்கிறேன், இல்லை என்று உங்கள் நண்பர் சொல்கிறார். என் அர்த்தம் என்னுடையது, அவருடையது அவருடையது என்றால் நாங்கள் முரண்படவே இல்லை. நான் என் மனதைப் பற்றிச் சொன்னேன், அவர் அவர் மனதைப் பற்றிச் சொன்னார். பிறகு தவறு என்று யாரிடமும் எதையும் சொல்ல முடியாது, ஒரு கணக்கைக்கூடத் திருத்த முடியாது. உங்கள் கடிதத்துக்கு நான் மறுப்பு எழுதுவதும் முடியாத காரியமாகிவிடும்.

உங்களுக்குச் சாதகமாக ஃப்ரேகேயிடம் இருப்பது ஓர் அடிக்குறிப்பு மட்டும்தான். ‘அரிஸ்டாட்டில்’ என்ற பெயருக்கு ஒருவர் பிளேட்டோவின் மாணவர், அலெக்சாண்டரின் ஆசிரியர் என்ற அர்த்தத்தைக் கொள்ளலாம். மற்றொருவர் ஸ்டகிராவில் பிறந்த, அலெக்சாண்டரின் ஆசிரியர் என்று கொள்ளலாம். சுட்டப்படுபவர் ஒருவரே என்றால் இந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், பிழையற்ற மொழியில் இதற்கு இடமில்லை என்கிறார். முக்கோணத்தில் அவ்வளவு உறுதியாக நிற்கும் அவருடைய கோட்பாடு, ஒரு மனிதரின் பெயருக்கு வந்ததும் ஆட்டம் காண்கிறது. அமெரிக்கத் தத்துவவாதி சால் கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டன் உரைகளில் பிடித்துக்கொண்டது இதைத்தான்: அரிஸ்டாட்டில் அலெக்சாண்டருக்குப் பாடம் சொல்லாமலே இருந்திருக்கலாம், அப்போதும் அவர் அரிஸ்டாட்டில்தான், ஆகவே பெயரின் அர்த்தம் அந்த வர்ணனையாக இருக்க முடியாது. அது நியாயமான அடி. ஆனால் வெள்ளியை வானத்தில் தேடியவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்வியை அது அப்படியே விட்டுவைக்கிறது. கிரிப்கிக்குப் பின் வந்தவர்கள் அந்தக் கேள்வியோடு இன்றும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.