விழித்திரை நோயுள்ள மகனுக்கு எந்தப் படிப்பு? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகனின் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா நோய் குறித்த அறிக்கைகளையும், பிளஸ் டூ முடிந்ததும் அவனை மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்த்து உங்கள் லேத் பட்டறையை அவனிடம் ஒப்படைக்க விரும்புவதாக நீங்கள் எழுதியிருந்ததையும் முழுமையாகப் படித்தேன். கண் மருத்துவமனைப் பலகையில் கடைசி வரி வரை படிப்பவன் வாசலில் நிற்கும் வண்டியில் ஏன் இடித்துக்கொள்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். படிப்பைப் பற்றிய முடிவும் அந்தக் கேள்விக்கான விடையில்தான் அடங்கியிருக்கிறது.

விழித்திரையில் மங்கிய ஒளியிலும் பக்கவாட்டிலும் பார்க்க உதவும் கோல் செல்களும், பகல் வெளிச்சத்தில் எழுத்தையும் நிறத்தையும் பிரித்தறியும் கூம்பு செல்களும் இருக்கின்றன. இந்த நோயில் கோல் செல்களே முதலில் அழிவதால் இரவுப் பார்வையும், அதன் பின் ஓரப் பார்வையும் போகின்றன; நடுவில் உள்ள கூம்பு செல்கள் பெரும்பாலும் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. சத்துக்குறைவால் வரும் மாலைக்கண் வைட்டமின் ஏ கொடுத்தால் சரியாகும். இது மரபணுக் கோளாறு என்பதால், நீங்கள் சிறு வயது முதல் கொடுத்துவந்த பொன்னாங்கண்ணிக் கீரையால் மாறவில்லை. மருத்துவர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரைகளை அதிக அளவில் கொடுக்கவும் வேண்டாம். சிலவகை மரபணுக் கோளாறுகளில் அது தீங்கு செய்யக்கூடும்.

பார்வைப்புலப் பரிசோதனையில் அவனுக்கு ஏறக்குறைய 20 டிகிரி அகலமே மிஞ்சியிருக்கிறது. புத்தகத்தை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 14 சென்டிமீட்டர் அகலம் அந்த வட்டத்துக்குள் அடங்கும் என்பதால் ஒரு வரியைத் தடையின்றிப் படித்துவிடுகிறான். ஆனால் மூன்று மீட்டர் தொலைவில் அதே வட்டத்துக்குள் ஒரு மீட்டர் அகலமே அடங்குகிறது; அதற்கு வெளியே நிற்கும் வண்டியும், படியும், லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கும் அவன் திரும்பிப் பார்த்தால் ஒழியத் தெரியாது. லேத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்பு கையின் பக்கத்தில் என்ன சுழல்கிறது என்பதை ஓரக்கண்ணால் அறிவதில் இருக்கிறது. ஆகவே இயந்திரங்களின் முன் நிற்கும் வேலையை அவனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; பட்டறைப் பயிற்சி கட்டாயமாக உள்ள பட்டப்படிப்புகளையும், கட்டுமானத் தளம், மின்கம்பி, இரவுப் பணி சார்ந்த வேலைகளையும் விலக்கச் சொல்வதும் இதனால்தான்.

எந்தப் படிப்பை எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பார்வை வட்டம் 10 டிகிரிக்குச் சுருங்கினாலும் அந்த வேலையைச் செய்ய முடியுமா? ஒருநாள் எழுத்தைக் கண்ணால் படிக்க முடியாமல் போனாலும், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு அதைத் தொடர முடியுமா? கணக்கியல், அடக்கவிலைக் கணக்கு, சட்டம், புள்ளியியல், நிரல் எழுதுதல் ஆகியவை இரண்டிலும் தேறும். அவன் பட்டறையை நேசிக்கிறான் என்று நீங்களே எழுதியிருப்பதால் பி.காம். சேர்ந்து, உடன் அடக்கவிலைக் கணக்குத் தேர்வுகளையும் எழுதுவதே என் முதல் தேர்வு. விலைப்புள்ளி தயாரிப்பதும், ஜி.எஸ்.டி. கணக்கும், ஆர்டர்களைப் பிடிப்பதும் பட்டறையின் பாதி உயிர். அந்தப் பாதியை அவன் முழுமையாக ஆள முடியும்.

எல்லா எழுத்தையும் படிப்பவனுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது தவறு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பார்வைப்புலம் 40 டிகிரிக்குக் கீழ் 10 டிகிரி வரை சுருங்கியிருந்தாலே அது குறைபார்வைதான். விழுக்காட்டை அரசு மருத்துவக் குழு முடிவு செய்யும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு இடஒதுக்கீடும், தேர்வில் கூடுதல் நேரமும் உண்டு. பரிசோதனைக்குச் செல்லும்போது பார்வைப்புல அறிக்கையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பலகையை மட்டும் படிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அந்தத் தாள்தான் பேசும்.

அவனுக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கப்போவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், இப்போதைக்கு வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கினால் குறுகிய வட்டத்துக்குள் அடங்கும் சொற்கள் குறைந்து வாசிப்பு மெதுவாகும். நல்ல வெளிச்சமும் அழுத்தமான கறுப்பு எழுத்துமே அவனுக்குத் தேவை. இரவில் மட்டும் வெண்கோல் பயன்படுத்தவும், தலையை ஒழுங்காக இடவலம் திருப்பிப் பாதையைத் துழாவிப் பார்க்கவும் நடமாட்டப் பயிற்சியாளர் கற்றுத்தருவார். திரையை வாசித்துக் காட்டும், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. மென்பொருளைப் பார்வை இருக்கும்போதே பழகிக்கொள்வது எளிது. இந்நோயில் வரும் கண்புரைக்கும் விழித்திரை நடுப்பகுதி வீக்கத்துக்கும் பெரும்பாலும் சிகிச்சை உண்டு. எனவே படிப்பது திடீரென்று மங்கினால், நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். செவித்திறனையும் ஒருமுறை பரிசோதியுங்கள், ஏனென்றால் சிலருக்கு இந்நோயுடன் காது கேளாமையும் சேர்ந்து வருகிறது.

கடிதத்தின் கடைசி வரியில், மகளை உங்கள் மைத்துனருக்கே கொடுக்க வீட்டில் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தீர்கள். மகனின் மேற்படிப்பைவிட அவசரமான செய்தி அதுவே என்று கருதுகிறேன். நீங்களும் உங்கள் மனைவியும் அத்தை மகள், மாமன் மகன் உறவினர். இருவருக்கும் பார்வை நன்றாக உள்ளது. அதனால் இருவரும் ஒரே பழுதான மரபணுவின் ஒவ்வொரு பிரதியைச் சுமந்து, மகனுக்கு இரண்டும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் நோயற்ற உங்கள் மகள் அதைச் சுமப்பவராக இருக்க 3இல் 2 பங்கும், அவளுடைய தாய்மாமன் சுமப்பவராக இருக்க 2இல் 1 பங்கும் வாய்ப்பு உண்டு. இருவரும் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ 12இல் 1 பங்கு நோய் வரலாம். உறவில்லாத குடும்பத்தில் மணந்தால் அது மிகச் சிறியதாகிவிடும்.

ஆனால் பழுது எக்ஸ் குரோமோசோமில் இருந்தால் கதையே வேறு. அப்போது அது தாய் வழியாக வந்திருக்கும். நல்ல பார்வையுள்ள மைத்துனருக்கு அதில் பங்கில்லை. உங்கள் மகள் அதைச் சுமந்தால், யாரை மணந்தாலும் அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதி வாய்ப்பு. எது உண்மை என்பதை உறவு முறையைக் கொண்டு ஊகிக்க முடியாது. முதலில் மகனின் இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து, காரணம் தெரிந்த பிறகே மற்றவர்களைச் சோதிக்க வேண்டும். சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இதற்கான பிரிவுகள் உள்ளன. பலருக்குப் பரிசோதனையில் காரணம் அகப்படுவதில்லை. அதனால் நோய் பரம்பரையானது அல்ல என்று பொருள் கொள்ளக் கூடாது. காரணம் தெரிந்துவிட்டாலும் சிகிச்சை உடனே கிடைத்துவிடாது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை ஆர்.பி.இ. 65 என்ற ஒரே மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கு மட்டுமே பயன்படும். எல்லா வகையையும் குணப்படுத்துவதாகப் பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பரிசோதனை முடிவு வரும் வரை நிச்சயதார்த்தத் தேதியைத் தள்ளிவையுங்கள். மரபணு ஆலோசகரிடம் செல்லும்போது உங்களோடு உங்கள் மகளும் மைத்துனரும் நேரில் அமர்ந்து கேட்கட்டும். முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள் இருவரும்தான்.