டீ கிளாஸ கையில வாங்கினதும் சிகரெட் ஏன் கேக்குது?

சிகரெட் விட்டு மூணு மாசம் ஆச்சு. வீட்ல ஒண்ணும் தோணல, டீக்கடைல கிளாஸ வாங்கினா மட்டும் கை தானா பாக்கெட்டுக்கு போகுது. நிகோடின் இன்னும் உடம்புல இருக்கா சார்?

இல்லப்பா, நிகோடின் சில நாள்லயே போயிருக்கும். மிச்சம் இருக்கிறது மூளை கத்துக்கிட்ட பாடம். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி குரங்குகள வச்சு பண்ண சோதனை இருக்கு, முதல்ல ஜூஸ் வாயில விழும்போதுதான் மூளைல டோபமின்ங்கிற ரசாயனத்த சுரக்கிற செல்கள் துடிச்சுது, ஜூஸுக்கு முன்னாடி ஒரு லைட்ட காட்டி காட்டி பழக்கினதும் லைட்ட பார்த்த உடனேயே துடிக்க ஆரம்பிச்சு ஜூஸ் வரும்போது சும்மா இருந்துச்சு. லைட் எரிஞ்சும் ஜூஸ் வரலைன்னா, வரவேண்டிய நேரத்துல துடிப்பு வழக்கத்தவிட கீழ இறங்குச்சு. உங்களுக்கு அந்த லைட் டீ கிளாஸ். கூட நின்னு பத்தவைக்கிற ஃப்ரெண்டும், சாப்பிட்டு முடிச்ச அந்த நேரமும் கூட அப்படித்தான்.

ஆரம்பத்துல கொஞ்ச நாள் வேற கடை, இல்லன்னா டீக்கு பதிலா மோர்னு மாத்திக்கோங்க. அப்புறம் மெதுவா அதே டீய சிகரெட் இல்லாம குடிக்க குடிக்க ஆசை குறையும், ஆனா பழைய பாடம் அழியாது, அது மேல புதுசா ஒண்ணு எழுதப்படுது அவ்வளவுதான். அதனாலதான் "ஒரே ஒரு இழுப்பு"னு யாராச்சும் நீட்டினா வேணாம்னு நான் அழுத்திச் சொல்றேன்.

இப்பல்லாம் சிகரெட் பிடிக்கவே இல்ல, நெஞ்சு எரியுது, ஆனாலும் வேணும்னு அடிச்சுக்குது. எனக்கு மனசுல உறுதி இல்லையா?

உறுதிய குறை சொல்லாதீங்க. வேணும்ங்கிறதும் ருசிக்கிறதும் மூளைல வேற வேற வேலை. கென்ட் பெரிட்ஜ்னு ஒரு விஞ்ஞானி எலிகளோட டோபமின கிட்டத்தட்ட முழுசா எடுத்துட்டு பார்த்தார், இனிப்ப நாக்குல விட்டா அதுங்க ரசிச்சு நக்குச்சு, ஆனா தானா போய் தின்னாம பட்டினி கிடந்துச்சு. பழக்கம் முத்தினா இதுக்கு நேரெதிரா நடக்கும், ருசி குறைஞ்சு வேணும்ங்கிறது மட்டும் ஏறிக்கிட்டே போகும்.

ஊர்ல ஒரு மாசம் சுத்தமா தொடல, சென்னைல பழைய ரூமுக்கு வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன். ஏன்?

ஊர்ல இருந்தப்ப இடம் மாறினதால தூண்டுறது எதுவும் கண்ணுல படல, அதான் தொடல. வியட்நாம் போர்ல ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க சிப்பாய்ங்கள லீ ராபின்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஆராய்ஞ்சாங்க, ஊர் திரும்பின முதல் வருஷத்துல சுமார் 5 சதவீதம் பேர்தான் மறுபடி அடிமையானாங்க. இடம் மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன், வியட்நாம்ல ஹெராயின் மலிவா தாராளமா கிடைச்சுது, அமெரிக்காவுல அப்படி இல்ல. ஆனா உங்க கதை தலைகீழ், நீங்க திரும்பி வந்ததே தூண்டுற இடத்துக்கு. முதல் வாரம் அந்த ரூம்ல தனியா இருக்காதீங்க, கட்டில் மேஜைய இடம் மாத்தி போடுங்க, ஆஷ்ட்ரே லைட்டர தூக்கிப் போட்டுடுங்க.

எனக்கு சிகரெட் இல்ல, குடி. சாயங்காலம் ஏழு மணியானா ஆசை வருது, காலைலயும் வருது, கை நடுங்குது.

ஏழு மணி ஆசை அந்த நேரம் கிளப்பிவிடறதுதான், அந்த நேரத்துல வெளிய நடந்துட்டு வந்தா பெரும்பாலும் அரை மணிக்குள்ள தணியும். காலை நடுக்கம் வேற விஷயம், வேர்வையும் படபடப்பும் இருந்தா உடம்பே குடிக்கு பழகிடுச்சுனு அர்த்தம். அப்படி இருக்கும்போது நீங்களா திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. அதனால நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டர பாருங்க, மருந்து கொடுத்து படிப்படியா நிறுத்துவாங்க.